ஓய்வுபெற்ற ஆசிரியரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துப் பதிவு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் கணக்கு சாருக்குப் போன ஐப்பசியில் 75 வயது நிறைந்தது. அவருக்கான வாழ்த்துப் பதிவை எங்கள் செட் சார்பில் நான் எழுதினேன். அதற்கு முன் வேறு இரண்டு ஆசிரியர்களுக்கு எழுதியிருக்கிறேன். ஜூனியர் செட்காரர்கள் எழுதியவற்றைத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். தமிழ் நன்றாக எழுதத் தெரிந்தவர்களே தடுமாறுவதைப் பார்த்தேன். பிறந்தநாளுக்கு முதல் நாள் இரவு உட்கார்ந்து, நினைவுக்கு வந்ததை எல்லாம் கொட்டி, காலையில் போட்டுவிடுகிறார்கள். பிறகு சார் வீட்டிலிருந்தே "இது இப்படி இல்லையே" என்று ஒரு குரல் வருகிறது.

அப்படி வராமல் இருக்க, எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். எங்கள் கணக்கு சாருக்கு எழுதிய பதிவையே கடைசிவரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் மூன்று வாரம் வேண்டும். எழுதுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். மீதி நாட்கள் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு.

1. தேதியை வீட்டில் கேளுங்கள்

இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கும் ஆசிரியர்களில் பலருக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு. பணிப்பதிவேட்டில் இருப்பது பள்ளியில் சேர்த்தபோது சொன்ன தேதி. அந்தக் காலத்தில் பையனுக்கு ஐந்து வயது நிறைந்ததாகக் காட்ட வேண்டும் என்பதற்காக, சேர்க்க வந்த பெரியப்பாவோ வாத்தியாரோ ஜூனை ஒட்டிய ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள். வீட்டில் கொண்டாடுவது வேறு நாளாக இருக்கும்.

எங்கள் சாருக்குப் பதிவேட்டில் ஜூன் 1950. உண்மையில் பிறந்தது அதே வருடம் ஐப்பசி, ரேவதி நட்சத்திரம். எங்கள் செட்டில் ஒருவன் பள்ளி ஆவணத்தைப் பார்த்து ஜூனிலேயே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். சாரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டிருந்தார்.

நட்சத்திரப்படி கொண்டாடும் வீடு என்றால் ஆங்கிலத் தேதி ஒவ்வொரு வருடமும் மாறும். நட்சத்திரச் சுற்று 27 நாள், தமிழ் மாதம் 29 முதல் 32 நாள். அதனால் சில வருடம் ஒரே மாதத்தில் அதே நட்சத்திரம் இரண்டு முறை வந்துவிடும். நீங்களே நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல், இந்த வருடம் எந்த நாளை வைத்திருக்கிறார்கள் என்று சாருடைய மகளிடமோ வீட்டம்மாவிடமோ கேட்டுவிடுங்கள்.

அதே அழைப்பில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்த வருடம் வீட்டில் கொண்டாடுகிறார்களா? நெருங்கிய உறவில் ஒரு சாவு நடந்திருந்தால், அந்த ஒரு வருடம் வீட்டில் விசேஷம் எதுவும் வைக்க மாட்டார்கள். அந்தச் சமயத்தில் நாம் பூவும் கேக்கும் போட்ட படத்தோடு வாழ்த்தினால் அவர்களுக்குச் சங்கடம். அப்போது பதிவைத் தள்ளி வையுங்கள். சாரை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

2. ஒரே ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

திருத்தக் கொடுத்தவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. "கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமைந்தவர். மாணவர்களைத் தன் பிள்ளைகளைப்போல் பாவித்தவர். நேரம் தவறாதவர்." பெயரை எடுத்துவிட்டு வேறு ஆசிரியர் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். படிக்கும் ஆசிரியருக்கும் அது தெரியும். முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவருக்கு, தான் நடத்தியதில் எது உங்களிடம் தங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் ஆசை இருக்கும்.

அதனால் குணங்களைப் பட்டியல் போடும் முன் ஒரு தாளை எடுத்து, அவர் நடத்திய பாடங்களில் எவை இன்னும் நினைவிருக்கின்றன என்று எழுதுங்கள். பாடத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அன்று அவர் கையில் என்ன இருந்தது, எங்கே நின்றார், என்ன சொன்னார், நாம் என்ன செய்தோம் என்பதையும் எழுத வேண்டும். நான்கைந்து வரும். அதில் மூன்று கேள்விக்கும் விடை இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: அது அவர் மட்டும் செய்தது தானா? வகுப்பில் மற்றவர்களும் பார்த்ததா? அதை இன்றைக்கும் யாராவது பயன்படுத்துகிறோமா?

எனக்கு நான்கு வந்தன. சாக்பீஸை இரண்டாக உடைத்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குவார் என்பது ஒன்று. அது பழக்கம், வகுப்பு இல்லை. பரீட்சைக்கு முதல் நாள் எல்லோருக்கும் பேனா வாங்கிக் கொடுத்தது இன்னொன்று. நல்ல செயல்தான், ஆனால் அதில் கணக்கு இல்லை. மூன்றாவது, எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு பேச்சு. அது கடிதத்தில் எழுத வேண்டியது, செட் சார்பில் எழுதும் பதிவில் அதற்கு இடம் இல்லை. நான்காவது, கயிற்றை எடுத்துக்கொண்டு எங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போன நாள். அதை எடுத்துக்கொண்டேன்.

பிதாகரஸ் தேற்றம் நடத்த வேண்டிய நாள் அது. பள்ளி மைதானத்தில் வாலிபால் கோர்ட் போட்டுத் தரும்படி விளையாட்டு சார் கேட்டிருந்தார். கணக்கு சார் நீளமான தேங்காய்நார்க் கயிறு ஒன்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக் கொண்டுவந்தார். முடிச்சு போட்டு முடித்த பிறகுதான் அளந்தார். முதலிலேயே அளந்து குறித்துவிட்டால் ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் கயிற்றை விழுங்கிவிடும் என்றார். ஒரு பக்கம் 3 மீட்டர், ஒரு பக்கம் 4 மீட்டர், எதிரே 5 மீட்டர் வருகிற மாதிரி மூன்று பேரைப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். 3-க்கும் 4-க்கும் நடுவே நின்ற பையனைக் காட்டி, "இவன் காலடியில நேர் மூலை வந்துருச்சு" என்றார். அந்த மூலையிலிருந்து 18 மீட்டரும் 9 மீட்டரும் அளந்து கோர்ட் போட்டோம். கடைசியில் இரண்டு குறுக்குக் கோட்டையும் அளக்கச் சொன்னார். இரண்டும் 20 மீட்டர் 12 சென்டிமீட்டர். அதன் பிறகுதான் வகுப்புக்குள் போய்த் தேற்றத்தைப் பலகையில் எழுதினார்.

இவ்வளவு விவரம் முதலில் என் நினைவில் இல்லை. கயிறும் மைதானமும் மட்டும்தான் இருந்தன. மீதி எல்லாம் அடுத்த படியில் கிடைத்தது.

3. அன்று கூட இருந்தவர்களிடம் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய நினைவு பளிச்சென்று இருப்பதாலேயே சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். பதிவு வந்ததும் நாற்பது பேர் படிப்பார்கள், அதில் நான்கு பேர் அன்று மைதானத்தில் நின்றவர்கள்.

குறைந்தது இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். குழுவில் கேட்கக் கூடாது. குழுவில் முதல் ஆள் சொன்னதையே அடுத்தவர்களும் "ஆமா ஆமா" என்று சொல்லிவிடுவார்கள். கேள்வியிலும் விடையைக் கொடுக்கக் கூடாது. "சார் கபடி கோர்ட் போட்டாரே, நினைவிருக்கா?" என்று கேட்டால் "இருக்கே" என்றுதான் வரும். "சார் ஒரு நாள் கயிறு எடுத்துட்டு வந்தாரே, எதுக்கு?" என்று கேளுங்கள்.

கபடி கோர்ட் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் கேட்ட இருவரும் வாலிபால் என்றார்கள். ஒருவன் வலைக்கம்பம் நட்டதையும் சொன்னான். அதோடு அது முடிந்தது. எந்த வகுப்பில் நடந்தது என்பதில்தான் சிக்கல். நான் பத்தாம் வகுப்பு என்றேன். வெளியூரில் இருக்கும் நண்பனும் பத்துதான் என்றான். மூன்றாவதாக எங்கள் ஊரிலேயே கொத்தனாராக இருக்கும் நண்பனைக் கேட்டேன். "கயித்தோட நடு முடிச்சைப் புடிச்சு நின்னதே நான்தானேடா" என்றான். அவன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அவன் நின்றிருக்கிறான் என்றால் அது பத்தாம் வகுப்பாக இருக்க முடியாது. 1991–92, ஒன்பதாம் வகுப்பு என்று முடிவாயிற்று. இரண்டு பேர் சொன்னதை ஒருவன் சொன்னது தள்ளிவிட்டது, ஏனென்றால் அவன் சொன்னதோடு மாற்ற முடியாத ஓர் ஆதாரம் சேர்ந்திருந்தது. ஆண்டுக் குழப்பம் வந்தால் இப்படிப்பட்ட ஆதாரத்தைத் தேடுங்கள்: யார் எப்போது பள்ளியில் சேர்ந்தார்கள், எப்போது போனார்கள், எந்தக் கட்டடம் அப்போது இருந்தது.

அந்த ஃபோனில் அவன் இன்னொன்றும் சொன்னான். இன்றைக்கும் வீட்டுக்கு வானம் தோண்டக் கயிறு கட்டும்போது 3, 4, 5 அடி பார்த்துத்தான் மூலை போடுகிறானாம். பெரிய மனை என்றால் 6, 8, 10. "மூலைமட்டம் சின்னதுடா, ரெண்டடிக்கு மேல நம்ப முடியாது. சார் கயிறுதான் நிக்கும்" என்றான். என் பதிவுக்கு நடுநாயகமே அதுதான். செட்டில் நன்றாகப் படித்தவர்களை மட்டும் கேட்டிருந்தால் அது கிடைத்திருக்காது. வாழ்த்துப் பதிவு எழுதுபவர்கள் டாக்டர், இன்ஜினியர் ஆனவர்களை மட்டுமே வரிசைப்படுத்துவார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர் ஒருவரிடமாவது கட்டாயம் பேசுங்கள்.

4. பெயர், பதவி, பள்ளி, ஆண்டு

இவை நான்கும் தவறாகப் போகும் இடங்கள். பதிவின் நீளத்தில் இரண்டு வரிதான், ஆனால் தவறினால் சாருடைய கண் அங்கேயே நின்றுவிடும்.

தலைப்பெழுத்தை அவர் எப்படிப் போடுவாரோ அப்படியே போடுங்கள். "க." என்று கையெழுத்திடுபவரை "கே." என்று எழுதுவதும், "எஸ்." என்பதை "சு." என்று நாமே தமிழ்ப்படுத்துவதும் கூடாது. பழைய மதிப்பெண் அட்டையிலோ நற்சான்றிதழிலோ அவர் கையெழுத்து இருந்தால் பாருங்கள்.

பதவியில் இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர், தலைமை ஆசிரியர் என்பவை தனித்தனிப் படிகள். பதவி உயர்வுக்காகப் பல வருடம் காத்திருந்தவருக்கு அந்த வேறுபாடு சிறியது இல்லை. உங்களுக்கு நடத்தியபோது என்னவாக இருந்தார், ஓய்வு பெற்றபோது என்னவாக இருந்தார் என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். நல்லாசிரியர் விருது வாங்கியதாக நினைவு என்றால், வீட்டில் உறுதி செய்யும்வரை எழுத வேண்டாம். வாங்காதவருக்கு வாங்கியதாகப் போட்டால் அவர்தான் எல்லோருக்கும் மறுப்புச் சொல்ல வேண்டிவரும்.

பள்ளியின் பெயரை அப்போது இருந்தபடி எழுதுங்கள். அன்று உயர்நிலைப் பள்ளியாக இருந்தது இன்று மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்திருக்கும். மூத்த செட்காரர்கள் ஆண்டு சொல்லும்போது ஒரு சோதனை உண்டு: தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் தொடங்கியது 1978-இல். அதற்கு முன் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் பி.யு.சி. யாராவது "1975-இல் சார் எங்களுக்குப் பிளஸ் டூ எடுத்தார்" என்றால் ஆண்டோ வகுப்போ ஒன்று தவறு.

ஓய்வு பெற்ற ஆண்டிலும் இரண்டு பதில் வரும். எங்கள் சாருக்குப் பதிவேட்டின்படி ஜூன் 2008-இல் 58 நிறைந்தது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயது வந்தால் ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கொடுப்பார்கள் என்பதால் 2009 மே வரை வகுப்பெடுத்தார். 2008 என்று சொன்னவர்களும் 2009 என்று சொன்னவர்களும் சரிதான். "2009 வரை வகுப்பெடுத்தார்" என்று எழுதி அந்தச் சண்டையை முடித்தேன்.

5. விட்டுவிட வேண்டியவை

"அவர் அடித்த அடிதான் என்னை ஆளாக்கியது" என்ற வரி எனக்கு வந்த பதிவுகளில் பாதியில் இருந்தது. எடுத்துவிடுங்கள். அடி வாங்கிப் படித்து மேலே வந்தவர் அதை நன்றியோடு நினைக்கலாம். அதே அடிக்குப் பயந்து பள்ளிக்கு வராமல் நின்றவரும் அந்தப் பதிவைப் படிப்பார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பிள்ளைகளை அடிப்பதற்குத் தடை போட்டிருக்கிறது. இன்று ஆசிரியராக இருக்கும் அவருடைய மகளோ மருமகளோ அந்த வரியைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்றும் பாருங்கள். எங்கள் சாரிடம் கேட்டால், அடித்ததை யாரும் நினைவில் வைக்காமல் இருந்தால் போதும் என்றுதான் சொல்வார். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, பண உதவி. யாருக்கோ பரீட்சைக் கட்டணம் கட்டினார், யாருக்கோ சட்டை எடுத்துக் கொடுத்தார் என்று எழுத ஆசையாக இருக்கும். வாங்கியவர் சம்மதிக்காமல் எழுதக் கூடாது. பெயரைச் சொல்லாவிட்டாலும் ஊரையும் வருடத்தையும் சொன்னாலே செட்டுக்கு ஆள் தெரிந்துவிடும். வாங்கியவரே தன் பெயரில் எழுத விரும்பினால் அது அவர் உரிமை.

மூன்றாவது, பட்டப்பெயர். நாம் பாசமாக வைத்த பெயர்தான், அவருக்கும் தெரிந்திருக்கலாம், பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

6. முதல் இரண்டு வரியில் அவர் இன்று இருக்கிறார் என்பது தெரிய வேண்டும்

எங்களுக்கு மூத்த செட்காரர் ஒருவர் தன் ஆசிரியருக்கு எழுதினார். கறுப்பு வெள்ளையில் முகம் மட்டும் தெரியும் படம். மேலே "மறக்க முடியாத மாமனிதர்" என்று தலைப்பு. முதல் பத்தி முழுக்க இறந்தகாலம்: "எளிமையாக வாழ்ந்தார், எல்லோரையும் நேசித்தார், எங்கள் நெஞ்சில் நிறைந்திருந்தார்." பிறந்தநாள் என்ற சொல் கடைசி வரியில். காலை ஏழு மணிக்கெல்லாம் அந்த ஆசிரியர் வீட்டுக்கு, "ஐயாவுக்கு என்ன ஆச்சு, எப்போ எடுக்குறாங்க?" என்று ஃபோன் வரத் தொடங்கிவிட்டது. ஒரு அழைப்பை அவரே எடுத்திருக்கிறார். எழுதியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பாவம், அன்பாகத்தான் எழுதினார்.

கைப்பேசியில் யாரும் கடைசி வரிவரை படித்துவிட்டு முடிவு செய்வதில்லை. படமும் தலைப்பும் முதல் வரியும்தான் கண்ணில் படும். அதனால் வயதும் பிறந்தநாளும் அவர் இன்று செய்யும் ஒரு காரியமும் நிகழ்காலத்தில் முதலிலேயே வர வேண்டும். எங்கள் சார் இன்றும் மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார் என்பதை அவர் மகளிடம் கேட்டு வைத்திருந்தேன். முதல் வரியில் அதைப் போட்டேன்.

சில சொற்கள் இரங்கல் சுவரொட்டியிலேயே புழங்கிப் பழகிவிட்டவை. "அன்னார்", "நினைவலைகள்", "அஞ்சலி", "நினைவில் வாழும்" ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். மாலை போட்ட படமும் வேண்டாம், அது பாராட்டு விழாவில் எடுத்ததாகவே இருந்தாலும்.

7. எழுதும் வரிசை

இனிதான் எழுத உட்கார வேண்டும். நான் பின்பற்றும் வரிசை: இன்று யார், என்ன நாள், அந்த ஒரு வகுப்பு, அது இப்போது எங்கே இருக்கிறது, வாழ்த்து. நன்றியை வகுப்புக்கு முன்னால் வைத்தால் எதற்கு நன்றி என்று தெரியாது. அதனால்தான் அது கடைசியில் வருகிறது. நீளம் நூறு சொல்லிலிருந்து இருநூறு சொல்லுக்குள் இருக்கட்டும். 75 வயதுக் கண்கள் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டாம். நான் அனுப்பியது இது, பெயர்கள் மட்டும் நீக்கியிருக்கிறேன்:

> நம் கணக்கு சாருக்கு இன்று 75 வயது நிறைகிறது. இன்றைக்கும் மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் நான்கு பிள்ளைகள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.
>
> 1991–92இல் நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. பன்னிரண்டு முடிச்சு போட்ட கயிற்றோடு சார் எங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மூன்று, நான்கு, ஐந்து என்று மூன்று பேர் பிடித்து இழுத்தோம். நடுவில் நின்றவன் காலடியில் நேர் மூலை வந்தது. அதிலிருந்து வாலிபால் கோர்ட் போட்டோம். இரண்டு குறுக்குக் கோடும் ஒரே அளவு. வகுப்புக்குத் திரும்பிய பிறகுதான் பிதாகரஸ் பெயரைச் சொன்னார்.
>
> அன்று நடு முடிச்சைப் பிடித்து நின்றவர் இன்று நம் ஊரில் கொத்தனார். வானம் தோண்டக் கயிறு கட்டும்போது இன்றும் அதே மூன்று, நான்கு, ஐந்துதான். நம் தெருவில் பல வீடுகளின் மூலை சாருடைய கயிற்றில் நிற்கிறது.
>
> சார், உங்களுக்கும் அம்மாவுக்கும் எங்கள் வணக்கம். பிறந்தநாள் வாழ்த்துகள்.

கொத்தனார் நண்பனிடம் அவனைப் பற்றிய பத்தியை முன்கூட்டியே படித்துக்காட்டிச் சம்மதம் வாங்கினேன். "பள்ளியை விட்டவர்" என்று முதலில் எழுதியிருந்தேன், அதை எடுக்கச் சொன்னான். எடுத்தேன். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்ற வரியையும் நான் போடுவதில்லை. எல்லோரும் போட்டுப் போட்டு, கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. "வணக்கம்" என்ற ஒரு சொல்லே அந்த வேலையைச் செய்கிறது.

8. படம்

ஒன்று போதும். பழைய வகுப்புப் படமோ இப்போதைய படமோ, எதுவானாலும் சார் முகம் தெளிவாக இருக்க வேண்டும். பழையதை மட்டும் போடுவதானால் அதன் கீழே ஆண்டு கட்டாயம், இல்லாவிட்டால் ஆறாம் படியில் சொன்ன விபத்துதான்.

சட்டம் போட்ட படத்தைக் கண்ணாடியோடு எடுத்தால் எடுப்பவர் நிழலும் ஜன்னலும் விழும். சட்டத்தைக் கழற்றி, ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தரையில் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். ஈரம் பட்டுப் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். மேல்தோல் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்த்து, பளபளப்பு விழாத கோணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

9. பிழை பார்த்தல்

பழைய நண்பர் யாராவது கணினியில் தட்டச்சு செய்து அனுப்பினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கலாம். அவர் கணினியில் தமிழாகத் தெரிவது உங்கள் கைப்பேசியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படியுங்கள். கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறியிருக்கும்.

பிறகு ண, ன, ல, ள, ழ, ர, ற. "வாழ்த்துக்கள்" என்று எழுதினால் தமிழாசிரியர்கள் பலர் "வாழ்த்துகள்" என்று திருத்துவார்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். கடைசியாக வாய்விட்டுப் படியுங்கள். பதிவைச் சாருக்குப் பேத்தியோ மகளோ படித்துக்காட்டத்தான் வாய்ப்பு அதிகம். படிக்கும்போது மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

10. முதலில் சாருக்கு, பிறகு மற்றவர்களுக்கு

தன்னைப் பற்றி எழுதியதை ஊரில் நான்கு பேர் சொல்லித் தெரிந்துகொள்வது யாருக்கும் பிடிக்காது. குழுவில் போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் அது எங்கெங்கோ போய்விடும். அதனால் காலையில் முதலில் சாருக்கே ஃபோன் செய்து, "சார், நான் 93 செட். உங்களைப் பற்றி ஒண்ணு எழுதியிருக்கேன். மத்தவங்களுக்கு அனுப்பலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் வேண்டாம் என்றார். அவருக்கு எழுதியதைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள், அதோடு சரி.

தாளில் கொடுப்பது எப்படியும் நல்லது. வழக்கமான எழுத்தைவிடப் பெரிதாக, 16 புள்ளி அளவில், ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். உள்ளூரில் இருக்கும் ஒருவர் கொண்டுபோய்க் கையில் கொடுக்கட்டும். எங்கள் செட்டில் அந்தக் கொத்தனார் நண்பன்தான் கொண்டுபோனான்.

11. திருத்தம் வந்தால்

இவ்வளவு பார்த்தும் ஒன்று தப்பியது. அன்று மதியம் சாரே கூப்பிட்டார். "நல்லா எழுதியிருக்கப்பா. ஆனா பன்னிரண்டு முடிச்சு இல்ல, பதிமூணு. பன்னிரண்டு இடைவெளி வேணும்னா ரெண்டு நுனியும் திறந்திருக்கிற கயித்துல பதிமூணு முடிச்சு போடணும். முதல் முடிச்சையும் கடைசி முடிச்சையும் ஒருத்தன் கையில சேர்த்துப் புடிக்கணும். நீ எழுதின மாதிரி போட்டா பதினோரு மீட்டர்தான் வரும், மூலை வராது."

இப்படி வந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே படித்தவர்களுக்குப் பழையதுதான் தெரிந்திருக்கும். எண்ணைத் திருத்திவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "முடிச்சு பதிமூன்று என்று சார் இன்று மதியம் திருத்தினார்." மாலையில் அதைப் படித்த நண்பன் ஃபோன் செய்து, முதல் முடிச்சையும் கடைசி முடிச்சையும் சேர்த்துப் பிடித்திருந்தது யார் என்று கேட்டான். அதை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.